சுவருக்கு அரை அங்குலம், சீலிங்குக்குக் கால் அங்குலம்

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒப்பந்தக்காரர் தரும் மதிப்பீட்டுத் தாளில் பூச்சு வேலை ஒரே வரியில் முடிவதில்லை. உள்சுவர்ப் பூச்சு 12 மி.மீ., கலவை 1:5 அல்லது 1:6 என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே சீலிங் பூச்சு 6 மி.மீ., கலவை 1:3 என்று இன்னொரு வரி. சுவரில் ஏறக்குறைய அரை அங்குலம் பூசுகிறவர்கள் தலைக்கு மேலே ஏன் கால் அங்குலத்தோடு நிறுத்துகிறார்கள்? கனத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுச் சிமெண்டை மட்டும் ஏன் ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறார்கள்? வீட்டுக்காரர்களில் பலர் இதைக் கேட்பதில்லை. கேட்கிறவர்களுக்கும் சாரத்தின் மேலிருந்து சுருக்கமாக ஒரு பதில்தான் வரும்: "கனமாப் போட்டா நிக்காது சார், விழுந்துரும்."

பதில் சரிதான். ஆனால் கனமான பூச்சு தன் எடை தாங்காமல் விழுகிறது என்றுதான் அதை எல்லோரும் புரிந்துகொள்கிறோம். அந்தப் புரிதலோடு நின்றுவிட்டால், 6 மி.மீ. மட்டுமே பூசிய சீலிங்கும் சில வீடுகளில் பாளம் பாளமாக உதிர்வது ஏன் என்று விளங்காது. ஆகவே எடையையே முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சிமெண்டுச் சாந்து ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,100 கிலோ இருக்கும். அதை 6 மி.மீ. கனத்தில் பரப்பினால் ஒரு சதுர அடிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 12 மி.மீ. என்றாலும் இரண்டேகால் கிலோ. காய்ந்து இறுகி, கான்கிரீட்டோடு சுமாராக ஒட்டிய பூச்சில் ஒரு சதுர அடியை நேராகக் கீழே இழுத்துப் பிய்க்க ஏறக்குறைய 2 டன் விசை வேண்டும். தாங்கும் வலு டன்னில், தொங்கும் எடை கிலோவில். நன்றாக ஒட்டிய பூச்சை அதன் எடை ஒருபோதும் கீழே கொண்டுவராது. விழுந்த பூச்சு எதுவானாலும், விழுந்த இடத்தில் அது முதலிலிருந்தே சரியாக ஒட்டியிருக்கவில்லை, அல்லது ஒட்டியது பிறகு விட்டுப்போயிருக்கிறது. சீலிங் பூச்சின் விதிகள் அனைத்தும் இந்த ஒட்டைக் காப்பதற்காக வந்தவை. மெல்லிய கனமும் அதற்காகத்தான், கூடுதல் சிமெண்டும் அதற்காகத்தான்.

ஒட்டு கெடுவதற்குப் பூச்சின் வாழ்வில் இரண்டு சமயங்கள் உண்டு. முதலாவது, சாந்து ஈரமாக இருக்கும் முதல் இரண்டு மூன்று மணி நேரம்.

செங்கல் சுவரில் சாந்தை அடித்தவுடன் செங்கல் அதிலுள்ள தண்ணீரைக் குடிக்கத் தொடங்கிவிடும். சாந்து சீக்கிரமே விறைக்கும். கல்லுக்குக் கல் இருக்கும் சந்துகளைச் சுவர் கட்டும்போதே 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி வைத்திருந்தால், சாந்து அவற்றில் புகுந்து பிடித்துக்கொள்ளும். எடையும் சுவருக்கு இணையாகக் கீழ்நோக்கித்தான் போகிறது, சுவரைவிட்டு விலகும் திசையில் இழுப்பதில்லை. அதனால்தான் கொத்தனார் சுவரில் சாந்துப் பொட்டு வைத்து, மட்டப்பலகையை இழுத்து, பள்ளத்தில் மறுபடி சாந்து அடித்து, நிதானமாக மட்டம் செய்ய முடிகிறது.

சீலிங்கில் இந்த உதவிகள் ஒன்றும் கிடையாது. அங்கே இருப்பது நெருக்கமான கான்கிரீட். சென்ட்ரிங் தகடோ பிளைவுட்டோ பட்டு வழவழப்பான முகம். அது தண்ணீரைக் கொஞ்சமாகவும் மெதுவாகவும்தான் இழுக்கும். புகுந்து பிடிக்கச் சந்தும் இல்லை. எடையோ கான்கிரீட்டைவிட்டு நேராக விலகும் திசையில் இழுக்கிறது. அப்படியிருந்தும் ஈரச் சாந்து மேலே நிற்பதற்குக் காரணம், இடையில் காற்றுப் புகாத நெருக்கமும் சிமெண்டுக் குழைவின் பசையும்தான். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றோடொன்று அழுத்தினால் எளிதில் பிரிவதில்லை அல்லவா, அந்த மாதிரியான பிடிப்பு அது. ஓரத்தில் ஓர் இடத்தில் காற்று நுழைந்தால் பிடிப்பு அங்கிருந்து விட்டுக்கொண்டே வரும். சாந்து கனமாகவும் நீர்த்தும் இருந்தால், இறுகுவதற்கு முன் தன் எடையில் இம்மியளவு தொய்யும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தொய்வில் கான்கிரீட்டுக்கும் சாந்துக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி விழுந்துவிடும். கீழிருந்து பார்த்தால் பூச்சு பளிச்சென்று மட்டமாக இருக்கும், மேலே அது எதையும் தொட்டுக்கொண்டிருக்காது. எடை தொல்லை தருவது இந்த ஈர நேரத்தில் மட்டும்தான்.

இரண்டாவது சமயம் காய்ச்சல். சாந்து காயக் காயச் சுருங்கும். தடுப்பார் யாரும் இல்லையென்றால் 3 மீட்டர் நீளத்துக்கு 2 மி.மீ. வரைகூடச் சுருங்கக் கூடியது. மேலே ஒட்டியிருக்கும் கான்கிரீட் அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சுருங்கத் துடிக்கும் சாந்தின் இழுவிசை முழுவதும் ஒட்டின் மேல், அதிலும் குறிப்பாக ஓரங்களிலும் விரிசல் விளிம்புகளிலும் வந்து விழுகிறது. பூச்சு இரண்டு மடங்கு கனமானால் இந்த இழுவிசையும் இரண்டு மடங்காகும், ஒட்டும் பரப்போ அதே அளவுதான். கனமான பூச்சைப் பிரிப்பதில் எடையைவிடப் பெரிய பங்கு இந்தச் சுருக்கத்துக்குத்தான். மேல்மாடித் தளம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் அசைவும் நாளடைவில் இதோடு சேர்ந்துகொள்ளும்.

சுருக்கம்தான் கவலை என்றால் சிமெண்டைக் கூட்டலாமா? சிமெண்ட் கூடக் கூடச் சுருக்கமும் கூடுமே? நியாயமான கேள்வி. சுவருக்கு 1:3 வேண்டாம் என்று சொல்வதன் காரணமும் இதுவே. செங்கல் ஒப்பீட்டளவில் மென்மையான பொருள். அதன் மேல் அதைவிட வலுவான பூச்சைப் போட்டால், பூச்சு சுருங்கும்போது தானும் வெடித்துச் செங்கலின் மேல்தோலையும் இழுத்துக்கொண்டு வரும். பின்னால் இருக்கும் பொருளைவிடப் பூச்சு வலுவாக இருக்கக் கூடாது என்பது பூச்சு வேலையின் பழைய பாடம். சீலிங்கில் பின்னால் இருப்பது கான்கிரீட். 1:3 சாந்தின் இழுப்பைத் தாங்க அதற்கு வலு உண்டு. கனம் பாதியாக இருப்பதால் மொத்த இழுவிசையும் கட்டுக்குள் நிற்கிறது. மெல்லிய பூச்சாக இருப்பதால்தான் அவ்வளவு சிமெண்டைப் போட முடிகிறது. அவ்வளவு சிமெண்ட் இருப்பதால்தான் சந்து இல்லாத வழவழப்பில் சாந்து பசையோடு ஏறுகிறது. 1:6 சாந்தைச் சீலிங்கில் அடித்துப் பாருங்கள், பாதி தரையில் கிடக்கும். மணலை மணலோடு பிணைத்து, மிச்சமாகிக் கான்கிரீட்டையும் பிடிக்கும் அளவுக்கு அதில் சிமெண்டுக் குழைவு இல்லை.

மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் சீலிங்குக்கு 6 மி.மீ., 1:3 என்று தனி வேலையாகவே உண்டு. நம் ஊர்த் தளங்களில் 1:4 போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மணல் நன்றாக இருந்து, முகத்தை ஒழுங்காகக் கொத்தியிருந்தால் 1:4 நிற்கும். 1:2 என்று போவது வீண், மேலே வலை வலையாக மயிரிழை விரிசல்தான் மிஞ்சும்.

இனி மணல். 6 மி.மீ. பூச்சில் 4, 5 மி.மீ. பருமனுள்ள கல் ஒன்று வந்தால் அது பூச்சின் கனத்தையே ஏறக்குறைய அடைத்துக்கொள்கிறது. கரணையால் அழுத்தும்போது அந்தக் கல் உருண்டு பின்னால் ஒரு கோடு கிழிக்கும், அந்தக் கோட்டில் காற்றுப் புகும். பூச்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருமனான துகள் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் இங்கே எல்லை 2 மி.மீ. சுற்றளவில் வருகிறது. பூச்சு வேலைக்கென்று விற்கும் பி-சாண்ட் 2.36 மி.மீ. சல்லடையில் சலித்தது, கான்கிரீட்டுக்கான எம்-சாண்ட் 4.75 மி.மீ. வரை வரும். சுவரில் எம்-சாண்டைச் சலிக்காமல் அடித்துவிட்டால் முகம் சொரசொரப்பாக இருக்கும், பட்டி அதை மூடிவிடும். சீலிங்கில் அதே மணல் ஒட்டையே கெடுக்கும். தளத்தில் பி-சாண்ட் என்று இறக்கியதையும் சீலிங்குக்கு ஒருமுறை மெல்லிய சல்லடையில் சலித்துவிடுவது நல்லது. செலவு ஒரு சித்தாளின் அரை மணி நேரம்தான்.

மெல்லிய மணல் வேண்டும் என்றவுடன் தூசியான மணல் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கரணைக்கு வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போகும் மணல் கொத்தனார்களுக்குப் பிடிக்கும். ஆனால் அந்த வழுக்கல் களிமண்ணாலோ கல் மாவாலோ வந்ததென்றால் அது அதிகத் தண்ணீர் கேட்கும். அதிகத் தண்ணீர் என்றால் ஈரத்தில் தொய்வும் காய்ச்சலில் கூடுதல் சுருக்கமும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணல் அடியில் தங்கும், வண்டல் அதன் மேல் தனி அடுக்காகப் படியும். வண்டல் அடுக்கின் உயரம் மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மணலைக் கழுவாமல் சீலிங்குக்கு எடுக்க வேண்டாம்.

ஓர் அறையை வைத்துக் கணக்குப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை, 120 சதுர அடி, அதாவது 11 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 6 மி.மீ. கனத்துக்கு ஈரச் சாந்து 67 லிட்டர். தளத்தின் மேடு பள்ளத்துக்கும் கீழே விழுவதற்குமாக ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 80 லிட்டர். உலர்ந்த சிமெண்டும் மணலும் தண்ணீர் பட்டதும் அமுங்கிவிடும் என்பதால் உலர் அளவில் 105 லிட்டர் எடுக்க வேண்டியிருக்கும். 1:3 என்றால் அதில் நாலில் ஒரு பங்கு சிமெண்ட், ஏறக்குறைய 38 கிலோ, முக்கால் மூட்டை. மணல் 3 கன அடிக்குள். முகத்தில் தடவும் சிமெண்டுக் குழம்புக்கும் சேர்த்து ஒரு மூட்டை தயாராக வைத்திருந்தால் போதும்.

அதே 120 சதுர அடியைச் சுவரில் 12 மி.மீ. கனத்தில், 1:6 கலவையில் பூசினால் சிமெண்ட் 43 கிலோ, மணல் ஆறேகால் கன அடி. சதுர அடிக்கு மணல் பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது, சிமெண்ட் ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. சீலிங் மெல்லியது, அதனால் சிமெண்ட் மிச்சம் என்று நினைத்து மூட்டையைக் குறைக்கச் சொல்லும் வீட்டுக்காரர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அங்கே குறைவது மணல்தான்.

இந்த ஒரு மூட்டையையும் ஒரே தடவையில் கலக்கக் கூடாது. கழுத்தை அண்ணாந்து செய்யும் வேலை மெதுவாகத்தான் நகரும். கால் மூட்டை சிமெண்ட், அதாவது பன்னிரண்டரை கிலோ, அதற்கு 26 லிட்டர் மணல் என்று எடுத்தால் 40 சதுர அடிக்கு வரும். அந்தச் சாந்து அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட வேண்டும். விறைத்த சாந்தில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பது சுவரிலேயே தவறு, சீலிங்கில் அது உதிர்வதற்கு நேர்வழி. தண்ணீர் 6 லிட்டர் சுற்றளவில், மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் குறைவாக. ஈர மணல் பொம்மிக்கொண்டு அளவில் கூடுதலாகக் காட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பாண்டு நிறைய அள்ளினாலும் உள்ளே மணல் குறைவாக இருக்கும், கலவை நமக்குத் தெரியாமலே 1:3-ஐவிடச் சிமெண்ட் மிகுந்ததாகிவிடும்.

கலவையும் மணலும் எவ்வளவு சரியாக இருந்தாலும், கான்கிரீட்டின் முகம் தயாராக இல்லையென்றால் அத்தனையும் வீண். இந்த வேலையில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான், ஏனெனில் தளங்களில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். சென்ட்ரிங் பிரித்த ஓரிரு நாளில், கான்கிரீட் இன்னும் பசையாக இருக்கும்போதே, உளியாலோ கொத்துச் சுத்தியலாலோ முகம் முழுக்கக் கொத்துப் போட வேண்டும். ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் இரண்டு விரல் இடைவெளி, ஆழம் 3 மி.மீ. இருந்தால் போதும். கம்பி தெரியும் அளவுக்குக் கொத்துவது கூடாது. மாதக் கணக்கில் தள்ளிப்போட்டால் கான்கிரீட் இறுகிவிடும், கொத்துகிறவர் களைத்து, ஓர் அடிக்கு ஒரு கொத்து என்று பேருக்குப் போட்டுவிட்டு இறங்கிவிடுவார். சில இடங்களில் அறையின் நடுப்பகுதியில் மட்டும் நெருக்கமாகக் கொத்துகள் தெரியும், மூலைகளில் ஒன்றும் இருக்காது. சுருக்கத்தின் இழுப்பு ஓரங்களில்தான் அதிகம் என்பதால் மூலைகளே அதிகம் கொத்த வேண்டிய இடம்.

கொத்திய பின் தூசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரால் கழுவ வேண்டும். சென்ட்ரிங் தகட்டில் தடவிய எண்ணெய் கான்கிரீட்டில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. சீலிங்கில் ஒரு கை தண்ணீரை விசிறுங்கள். முகம் கறுத்து ஈரம் பரவினால் சுத்தம். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு தொங்கினால் எண்ணெய் இருக்கிறது. சோப்புத்தூள் கரைசலால் தேய்த்துக் கழுவி, அப்படியும் முத்துத் திரண்டால் அந்த இடத்தை முழுவதுமாகக் கொத்தி எடுத்துவிட வேண்டும். சில தளங்களில் சென்ட்ரிங்குக்கு ஓட்டிக் கழித்த பழைய வண்டி எண்ணெயைத் தடவுகிறார்கள். அது பிறகு லேசில் போகாது.

அடுத்து சிமெண்டுக் குழம்பு. வெறும் சிமெண்டைத் தண்ணீரில் கரைத்து, பிரஷ்ஷில் எடுத்தால் ஒழுகாமல் நிற்கும் பதத்தில் முகத்தில் தேய்த்துத் தடவுவார்கள். ஈரமான கான்கிரீட்டுக்கும் சாந்துக்கும் நடுவே காற்றில்லாத தொடர்பை உண்டாக்குவது இதன் வேலை. ஆனால் இந்தக் குழம்பு ஈரமாக இருக்கும்போதே மேலே சாந்து ஏற வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? சித்தாள் காலையிலேயே அறை முழுக்கத் தடவிவிட்டுப் போய்விடுவார், கொத்தனார் டீ குடித்துவிட்டு வந்து ஆரம்பிப்பார், அறையின் மறு மூலைக்கு அவர் போய்ச் சேரும்போது குழம்பு காய்ந்து வெள்ளைத் தூளாகியிருக்கும். விரலால் தேய்த்தால் மாவாக வரும் அந்தத் தூளின் மேல் பூசிய சாந்து தூளோடுதான் ஒட்டும், கான்கிரீட்டோடு ஒட்டாது. தடவாமலே விட்டிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும். கை எட்டும் தூரம், பத்துப் பதினைந்து சதுர அடி, அதற்கு மட்டும் தடவி, உடனே பூசி, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். குழம்பில் கலக்க ஒட்டுத் திரவங்களும் கடைகளில் கிடைக்கின்றன. வாங்குவதென்றால் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் வகையாக இருக்கட்டும். மரவேலைக்கான வெள்ளைப் பசை இனத்தைச் சேர்ந்தவை ஈரம் பட்டால் இளகிவிடும், குளியலறைக்கு அவை ஆகாது.

பூசும்போது சாரத்தின் உயரம் முக்கியம். நின்றால் தலைக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் சீலிங் இருக்க வேண்டும். அப்போதுதான் கொத்தனாரால் தோளின் பலத்தைக் கொடுத்துக் கரணையை அழுத்த முடியும். எட்டி எட்டிப் பூசினால் சாந்து தடவப்படும், அழுந்தாது. முதலில் 2, 3 மி.மீ. அளவுக்கு மெல்லியதாகக் கொத்துக் குழிகளுக்குள் இறங்கும்படி அழுத்தித் தேய்த்து, அது சற்று இழுத்துக்கொண்டதும் மிச்சத்தை ஏற்றி, மணியாஸ் கட்டையால் தேய்த்து விட்டுவிட வேண்டும். கரணையால் மறுபடி மறுபடி இழைத்தால் சிமெண்டுப் பாலும் தண்ணீரும் மேல்முகத்துக்கு வந்து சேரும். உள்ளே மணல் மிஞ்சும், மேலே விரிசல்தோல் படியும். சீக்கிரம் இறுகட்டும் என்று உலர் சிமெண்டைத் தூவித் தேய்ப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும். சுவரில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது குற்றமாகவே தெரியாது, அதனால் மேற்பார்வை பார்க்கிறவர் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் தளம் ஓரளவு மட்டமாக இருந்தால். நம் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சென்ட்ரிங் நடுவில் அமுங்கி, தளத்தின் அடிமுகம் நடுவே 20 மி.மீ. தொங்கலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரசமட்டம் வைத்தால் ஓரங்களில் 25 மி.மீ. சாந்து ஏற்ற வேண்டும். பல வீடுகளில் அப்படித்தான் ஏற்றுகிறார்கள், வீட்டுக்காரரும் மட்டமாக வந்ததே என்று மகிழ்கிறார். என் கருத்தில் இது செய்யவே கூடாதது. சீலிங் ரசமட்டத்துக்கு நிற்க வேண்டிய அவசியம் இல்லை. பத்து பன்னிரண்டு அடி தூரத்தில் சீராக வளையும் 20 மி.மீ. தொங்கலைக் கண் கண்டுபிடிக்காது. கண்ணுக்குப் படுவது சுவரும் சீலிங்கும் சேரும் கோடும், தகடுகள் சந்தித்த இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வரம்புகளும்தான். அந்த வரம்புகளை உளியால் தட்டி எடுத்துவிட்டு, ஓரக்கோட்டை மட்டும் நூல் பிடித்து நேர் செய்து, மற்ற இடத்தில் தளத்தின் போக்கிலேயே 6 மி.மீ. பூசிவிடுங்கள். சிறு பள்ளங்களில் 10, 12 மி.மீ. வரை தவிர்க்க முடியாதென்றால் இரண்டு தடவையாக ஏற்ற வேண்டும். முதல் தடவையைக் கீறிவிட்டு, இறுகவிட்டு, மறுநாள் இரண்டாவது. அதற்கும் மேல் என்றால் கோழிவலையைக் கான்கிரீட்டில் பிளக் அடித்து இறுக்கிய பிறகே பூச வேண்டும். அந்த அளவுக்குப் போவதற்கு அந்த அறையில் பொய்க்கூரை போட்டுவிடுவது மேல்.

சீலிங்கை முடித்துவிட்டுத்தான் சுவருக்கு வர வேண்டும் என்பதற்கு, கீழே விழும் சாந்து பூசிய சுவரைக் கெடுக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இரண்டும் சந்திக்கும் மூலை. கான்கிரீட்டும் செங்கல் சுவரும் வெயிலுக்கு ஒரே மாதிரி அசைவதில்லை. இரண்டு பூச்சையும் தொடர்ச்சியாக மூலையில் வளைத்துச் சேர்த்துவிட்டால் அங்கே கோணல் மாணலாக ஒரு விரிசல் வரும், சில சமயம் சீலிங் ஓரத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஈரமாக இருக்கும்போதே கரணை முனையால் மூலையில் நேராக ஒரு காடி கிழித்துவிட்டால் அசைவு அந்தக் காடிக்குள் அடங்கிவிடும்.

நீராற்றுவதில் சீலிங் மிகவும் பாவப்பட்டது. சுவரில் ஊற்றிய தண்ணீர் வழிந்தாவது இறங்கும். சீலிங்கில் அடித்த தண்ணீர் அப்போதே தரைக்கு வந்துவிடும். 6 மி.மீ. பூச்சில் இருக்கும் தண்ணீரோ மிகக் கொஞ்சம், திறந்த ஜன்னலில் காற்று அடித்தால் அன்று மாலைக்குள் வெளுத்துப்போகும். சிமெண்ட் இறுகத் தேவையான தண்ணீர் இல்லாமல் பூச்சு பொடிந்து நிற்கும். ஜன்னல், கதவுத் திறப்புகளைச் சாக்கோ பிளாஸ்டிக் தாளோ கட்டி மூடுங்கள். மறுநாள் முதல் 7 நாள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, பூச்சிமருந்து தெளிக்கும் பம்பு போன்ற ஒன்றால் பனியாகத் தெளிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுவது வேண்டாம்.

ஏழு நாள் கழித்து ஒரு மரக்கம்பால் சீலிங் முழுவதையும் தட்டிப் பாருங்கள். ஒட்டிய இடம் கெட்டியாக, சுருக்கமாக ஒலிக்கும். ஒட்டாத இடம் பொள்ளென்று உள்ளே காலியாக இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். உள்ளங்கை அளவுக்குள் ஒன்றிரண்டு இருந்தால் கவலை இல்லை, மூலைகளிலோ தொடர்ச்சியாகவோ இருந்தால் அந்தப் பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்து, மறுபடி கொத்தி, குழம்பு தடவிப் பூச வேண்டும். பட்டி வைப்பதற்கு முன் இதைச் செய்துவிட்டால் செலவு சில நூறு ரூபாய். பட்டியும் பெயிண்டும் ஏறிய பிறகு யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.

பழைய வீட்டில் பூச்சு விழுந்திருந்தால் விழுந்த துண்டைக் குப்பையில் போடாமல் அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல வழவழப்பாக, தகட்டின் பளபளப்போ பிளைவுட்டின் இழையோ பதிந்திருந்தால் அங்கே கொத்தும் போடவில்லை, எண்ணெயும் கழுவவில்லை. வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் குழம்பு காய்ந்த பிறகு பூசியிருக்கிறார்கள். துண்டு ஓர் அங்குலக் கனமாக இருந்தால் காரணத்தைத் தேடவே வேண்டாம். பின்பக்கத்தில் கான்கிரீட்டே கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, துரு நிறக் கறை இருக்கிறது, மேலே கம்பி தெரிகிறது என்றால் அது பூச்சுக் கோளாறே இல்லை. உள்ளே கம்பி துருப்பிடித்து, உப்பி, கான்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது. கடற்கரைப் பக்கத்து வீடுகளிலும், மேலே குளியலறை உள்ள அறைகளிலும் இதை அடிக்கடி காணலாம். இங்கே புதுச் சாந்து அடித்து மூடினால் துரு உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும், அடுத்த முறை விழுவது இன்னும் பெரிய பாளமாக இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கொத்தனாருக்கு முன் ஒரு கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டும். ஒழுகலை நிறுத்தி, தளர்ந்த கான்கிரீட்டை எடுத்து, கம்பியின் துருவை நீக்கி, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, கான்கிரீட்டின் கனத்தைத் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் அதன் மேல் 6 மி.மீ. பூச்சு.